ரவுட்டரைத் தொடாமல் வீட்டு சர்வரை எட்டலாம்

வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, WAN என்று எழுதியிருக்கும் இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடியே, நம் ஐபி முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து அங்கே வரும் எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு முகவரி இருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசையில் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, அப்படி ஒன்று இல்லை. முன்பின் தெரியாத பல வீடுகளோடு சேர்ந்து ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

மதுரையில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் இருப்பது சென்னையில். அங்கிருந்து என் லேப்டாப்பிலும் ஃபோனிலும் இவற்றைத் திறக்க வேண்டும் என்பதுதான் தேவை. வழக்கமான வழி, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, அங்கே வருவதையெல்லாம் இந்த லேப்டாப்புக்கு அனுப்பச் சொல்வது. அதற்கு போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். அண்ணனுக்கு ஃபோன் போட்டு, “அண்ணே, ரவுட்டர் பக்கத்துல WAN-னு ஒரு இடம் இருக்கும், அதுல என்ன நம்பர் போட்டிருக்கு?” என்று கேட்டேன். “நூறு, புள்ளி, எழுபத்திரெண்டு…” என்று படிக்கத் தொடங்கினார். போர்ட் ஃபார்வர்டிங் இங்கே உதவாது என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிட்டது.

காரணம் எளிது. பழைய ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதற்குப் பிறகு இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் முறையைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கின. இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதி தனியே ஒதுக்கப்பட்டது. ஆக, எங்கள் வீட்டு ரவுட்டருக்கு மேலே இணைய நிறுவனத்தின் இன்னொரு பெரிய ரவுட்டர் இருக்கிறது. எங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் மேலே இருப்பது திறக்காது. அதன் நிர்வாகம் நம் கையில் இல்லை. மாதம் கூடுதல் பணம் கட்டினால் தனி முகவரி தரும் நிறுவனங்கள் உண்டு. எல்லா ஊரிலும் எல்லாத் திட்டத்திலும் கிடைக்காது.

தனி முகவரி கிடைத்தாலும் போர்ட் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளை நாள் முழுவதும் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஏராளம். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பிணைப்பணத் தாக்குதல், கியூநாப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் இணையத்துக்குத் திறந்து கிடந்தவற்றைத் தாக்கியது. அவற்றில் இருந்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொன்று வந்தது. அப்போது அந்த நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. அந்தப் பெட்டிகளை வாங்கியவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை இணையம் முழுவதற்கும் தெரியும் இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

சரி, உள்ளே வரும் வழி இல்லை. ஆனால் வெளியே போகும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. இல்லையென்றால் வீட்டில் யாரும் யூடியூப் பார்க்க முடியாது. ரவுட்டரை அடுக்ககத்தின் வாசல் காவலாளியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். நீங்களே ஒரு கடைக்குச் சொல்லியனுப்பியிருந்தால், அந்தக் கடையிலிருந்து வருபவரை மட்டும் உள்ளே விடுவார். ரவுட்டர் செய்வதும் இதுதான். உள்ளிருந்து ஒரு கணினி வெளியே தகவல் அனுப்பும்போது, யார் அனுப்பியது, எங்கே அனுப்பியது, எந்தப் போர்ட் எண்ணில் வெளியே போனது என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்து பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உள்ளே சேர்க்கிறது. சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் குறிப்பை அழித்துவிடும். யுடிபி என்ற வகைத் தகவலுக்குப் பல ரவுட்டர்களில் இந்தக் கெடு அரை நிமிடமே.

இப்போது சென்னையில் என் ஃபோனும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால், மதுரையில் சர்வரும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பினால் என்ன ஆகும்? ஃபோன் அனுப்பிய முதல் தகவல் மதுரை ரவுட்டரில் அடிபட்டுப்போகலாம். ஆனால் அது கிளம்பும்போதே, மதுரை முகவரியிலிருந்து பதில் வரும் என்ற குறிப்பு ஃபோன் பக்கத்தில் பதிவாகிவிட்டது. அதேபோல சர்வர் அனுப்பிய தகவல், ஃபோனின் முகவரியிலிருந்து பதில் வரும் என்று மதுரைப் பக்கத்தில் பதிவு செய்துவிட்டது. அடுத்த முறை அனுப்புவது இரு பக்கமும் ஏற்கெனவே சொல்லி வைத்த பதிலாகத் தோன்றும், உள்ளே போய்விடும். இரண்டு ரவுட்டர்களிலும் யாரும் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. இணைய நிறுவனத்தின் பெரிய ரவுட்டருக்கும் இதே விதிதான் என்பதால் அதையும் இந்த முறை கடந்துவிடுகிறது.

இதற்கு இரண்டு விஷயங்கள் முன்கூட்டியே தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தன் முகவரியும் போர்ட் எண்ணும் என்ன என்பது ஒவ்வொரு கருவிக்கும் தெரிய வேண்டும். சர்வருக்குத் தெரிந்தது 192.168.1.20 என்ற வீட்டு முகவரி மட்டுமே. வழியில் இருக்கும் இரண்டு ரவுட்டர்களும் அதை மாற்றிவிடுகின்றன. ஆகவே பொது இணையத்தில் இருக்கும் ஒரு கணினியிடம் “நான் உனக்கு எந்த எண்ணில் தெரிகிறேன்?” என்று கேட்கிறது. 203.0.113.45, போர்ட் 23817 என்பது போலப் பதில் வருகிறது. இந்தக் கேள்வி பதில் முறைக்கு ஸ்டன் என்று பெயர். அடுத்து, அந்த எண்ணை மற்றக் கருவியிடம் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஒருங்கிணைப்பு சர்வர் தேவை.

இந்த வேலையை நமக்காகச் செய்யும் மென்பொருள்கள் பல. டெயில்ஸ்கேல், நெட்பேர்ட், ஜீரோடியர், நெபுலா ஆகியவை அவற்றில் சில. நான் பயன்படுத்துவது டெயில்ஸ்கேல். 2019இல் டொரன்டோவில் தொடங்கப்பட்ட நிறுவனம், வீட்டுக்குப் போதுமான இலவசத் திட்டம் வைத்திருக்கிறது. அதன் அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற திறந்தமூல மறையாக்க நெறிமுறை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

வயர்கார்டில் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு சாவி இணையை உருவாக்கிக்கொள்கிறது. அந்தரங்கச் சாவி கருவியை விட்டு வெளியே போவதில்லை. பொதுச் சாவியை மட்டும் மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கிறது. தெரியாத சாவியிலிருந்து ஏதாவது வந்தால் “முடியாது” என்றுகூடப் பதில் சொல்லாமல் பேசாமல் இருந்துவிடும். போர்ட் தேடும் நிரலுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. இன்னொரு நல்ல குணம், அடையாளம் சாவியில் இருக்கிறதே தவிர முகவரியில் இல்லை என்பது. ஃபோன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுந்து மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை.

வயர்கார்டை மட்டும் வைத்துக் கையாலேயே எல்லாவற்றையும் அமைக்கலாம். மூன்று கருவிகள் என்றால் மூன்று இணைப்புகள்தான். பத்துக் கருவிகள் ஆனால் 45 இணைப்புகள். ஒவ்வொரு கருவியிலும் மற்ற ஒன்பதின் சாவிகளை எழுதிவைக்க வேண்டும். ஒரு ஃபோனை மாற்றினால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டும். போதாததற்கு இரண்டு பக்கமும் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் முகவரி கண்டுபிடிக்கும் வேலையை அது செய்யாது. டெயில்ஸ்கேலின் ஒருங்கிணைப்பு சர்வர் இந்தச் சாவிகளையும் முகவரிகளையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. தகவல்கள் அதன் வழியாகப் போவதில்லை. இதுதான் வலைப்பின்னல் முறைக்கும் பழைய அலுவலக விபிஎன்னுக்கும் உள்ள வேறுபாடு. பழைய முறையில் எல்லாப் போக்குவரத்தும் நடுவில் உள்ள ஒரு சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இங்கே நான் மதுரைக்குப் போய் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தால், லேப்டாப்பும் சர்வரும் அதைக் கண்டுகொண்டு வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசிக்கொள்கின்றன. நான் தட்டும் முகவரி மாறுவதில்லை.

அமைப்பது கடினமில்லை. சர்வராக ஓடும் லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. அதில் இரண்டு கட்டளைகள்:

```
curl -fsSL https://tailscale.com/install.sh | sh
sudo tailscale up --hostname=veedu
```

இரண்டாவது கட்டளை ஓர் இணைய முகவரியைக் காட்டும். அதை ஏதாவது ஒரு பிரவுசரில் திறந்து, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் சர்வர் வலையில் சேர்ந்துவிடும். ஃபோனிலும் சென்னை லேப்டாப்பிலும் செயலியை நிறுவி அதே கணக்கால் நுழைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு நிலையான முகவரி கிடைக்கும். எங்கள் ரவுட்டரின் WAN எண்ணும் அதே தொகுதியில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பொது இணையத்தில் யாரும் பயன்படுத்தாத தொகுதி என்பதால் டெயில்ஸ்கேலும் அதையே எடுத்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு அடுக்குகள். எண்ணை நினைவில் வைக்கவும் தேவையில்லை. சர்வருக்கு veedu என்று பெயர் கொடுத்ததால், புகைப்படங்களுக்கான இம்மிச் மென்பொருளை ஃபோனில் திறக்க இவ்வளவு போதும்:

```
http://veedu:2283
```

பிரவுசர் இதைப் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கும். முகவரி https என்று தொடங்காததால் வரும் எச்சரிக்கை அது. கீழே வயர்கார்ட் எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்புவது பிரவுசருக்குத் தெரியாது. பூட்டுச் சின்னம் வேண்டுமென்றால் `tailscale serve` என்ற கட்டளை உண்டு. அதன் பக்கத்திலேயே `tailscale funnel` என்று ஒன்று இருக்கிறது. அது உங்கள் சேவையை உலகம் முழுவதற்கும் திறந்துவிடும். பெயரைப் பார்த்துத் தட்டிவிடாதீர்கள்.

பழைய லேப்டாப்பை சர்வராக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடியை மூடினால் அது தூங்கிவிடும். வெளியூரிலிருந்து பார்த்தால் வலையே கெட்டுப்போனது போலத் தெரியும். `/etc/systemd/logind.conf` கோப்பில் `HandleLidSwitch=ignore` என்று எழுதி மறுதொடக்கம் செய்ய வேண்டும். மின்வெட்டின்போது லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்று கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்றை இடையில் சேர்த்தால் போதும். எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும் என்பதால் அதை மாதம் ஒருமுறை பார்க்கும்படி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாம் அமைத்த பிறகு பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அது நேர் இணைப்பா, சுற்று வழியா? நான் முன்பு சொன்ன இருபக்கச் சந்திப்பு எல்லா ரவுட்டர்களிலும் நடப்பதில்லை. சில ரவுட்டர்கள், நாம் யாருக்கு அனுப்பினாலும் வெளியே ஒரே போர்ட் எண்ணைத் தருகின்றன. அங்கே ஸ்டன் சொன்ன எண் மற்றவருக்கும் செல்லும். வேறு சில, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புதுப் போர்ட் எண்ணைத் தருகின்றன. ஸ்டன் கணினிக்குத் தெரிந்த 23817 அதற்கு மட்டுமே உரியது. ஃபோனுக்குப் போகும்போது வேறு எண்ணாக இருக்கும். ஃபோன் 23817ஐத் தட்டிக்கொண்டே இருக்கும், பதில் வராது. மொபைல் டேட்டாவிலும் இணைய நிறுவனங்களின் பெரிய ரவுட்டர்களிலும் இந்த இரண்டாம் வகை அடிக்கடி தென்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு. இரண்டு பக்கமும் அப்படியென்றால் நேர் இணைப்பு அனேகமாக நடக்காது.

அப்போது டெயில்ஸ்கேல் கைவிடுவதில்லை. உலகின் பல நகரங்களில் அது வைத்திருக்கும் இடைமாற்று சர்வர்கள் வழியாகத் தகவலைக் கடத்துகிறது. இவற்றுக்கு டெர்ப் என்று பெயர். நமக்கு அருகில் பெங்களூருவில் ஒன்று இருக்கிறது. வங்கி இணையதளங்கள் பயன்படுத்தும் அதே 443 போர்ட்டில் வெளியே போவதால், கண்டிப்பான விடுதி வைஃபையிலும் இது பெரும்பாலும் வேலை செய்யும். சாவிகள் கருவிகளில் மட்டுமே இருப்பதால் நடுவில் இருக்கும் சர்வரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. விலை, வேகம். இந்த சர்வர்களை எல்லாப் பயனர்களும் பகிர்ந்துகொள்வதால் ஒருவருக்குக் கிடைக்கும் அளவு குறைவு. 2 ஜிபி திருமண வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேர் இணைப்பில் வீட்டின் அப்லோடு வேகமான 100 எம்பிபிஎஸ் முழுவதும் கிடைத்தால் அது சுமார் 160 நொடியில் வந்துவிடும். சுற்று வழியில் 5 எம்பிபிஎஸ் மட்டும் கிடைத்தால் 53 நிமிடம். புகைப்படம் பார்க்க, கோப்பு எடுக்க, கட்டளை தட்டச் சுற்று வழியே போதும். வீடியோ பார்க்க உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க, சென்னை லேப்டாப்பை ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு இந்தக் கட்டளையைத் தட்டலாம். கீழே இருப்பது வரக்கூடிய பதிலின் வடிவம்:

```
$ tailscale ping veedu
pong from veedu (100.101.12.7) via DERP(blr) in 74ms
pong from veedu (100.101.12.7) via DERP(blr) in 69ms
pong from veedu (100.101.12.7) via 203.0.113.45:23817 in 31ms
```

முதல் இரண்டு வரிகளில் தகவல் பெங்களூரு வழியாகப் போயிருக்கிறது. அதற்குள் பின்னணியில் இரு பக்கமும் ஒன்றையொன்று தட்டிப் பார்த்து வழியைக் கண்டுபிடித்துவிட்டன. மூன்றாவது வரியில் இடைமாற்று இல்லை. நேர் வழி கிடைத்ததும் கட்டளை தானாக நின்றுவிடும். பத்து வரிகளும் DERP என்றே வந்து, கடைசியில் `direct connection not established` என்று முடிந்தால் சுற்று வழிதான். காரணம் எந்தப் பக்கம் என்று அறிய, இரண்டு இடத்திலும் `tailscale netcheck` என்று தட்ட வேண்டும். `MappingVariesByDestIP` என்ற வரியில் true என்று இருந்தால் அந்தப் பக்க ரவுட்டர் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு எண் தரும் வகை. `UDP` என்ற வரியில் false என்று இருந்தால் அந்த வைஃபை யுடிபியையே தடுக்கிறது. அங்கே செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் true என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐபிவி6. புது முகவரி முறையான அதில் முகவரிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைப்பதால் எண் மாற்றும் வேலையே கிடையாது. வாசலில் தடுக்கும் ஃபயர்வால் மட்டும்தான் மிச்சம். அதை இருபக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் வித்தை எளிதாகக் கடந்துவிடும். இந்தியாவில் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது. ஜியோவில் தொடக்கத்திலிருந்தே உண்டு. வீட்டுப் பக்கம்தான் பல நேரம் குறை. ரவுட்டரின் WAN அமைப்பில் IPv4 மட்டும் தேர்வாகியிருக்கும். அதை IPv4/IPv6 என்று இரண்டுக்குமாக மாற்றினால், நிறுவனம் தருவதாக இருந்தால், அடுத்த மறுதொடக்கத்தில் முகவரி வந்துவிடும். மாற்றும்போது ரவுட்டரின் IPv6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய முறையில் எண் மாற்றும் வேலையே ஒரு தடுப்பாக இருந்தது. இங்கே அது இல்லை. ஃபயர்வால் அணைந்திருந்தால் சர்வர் மட்டுமல்ல, வீட்டு டிவியும் பிரிண்டரும் வெளியிலிருந்து நேராக எட்டும் இடத்தில் நிற்கும்.

அதே காரணத்துக்காக சர்வரிலும் ஒரு ஃபயர்வால் இருப்பது நல்லது. வலை வழியாக வருவதை மட்டும் ஏற்று மற்றதை மறுக்க இவ்வளவு போதும்:

```
sudo ufw allow in on tailscale0
sudo ufw default deny incoming
sudo ufw enable
```

இந்த வரிசை முக்கியம். அனுமதியை முதலில் எழுதாமல் தடையை இயக்கினால், தூரத்திலிருந்து வேலை செய்பவர் தன்னையே வெளியே பூட்டிக்கொள்வார். இம்மிச் போன்றவை டாக்கர் என்ற பொதியில் ஓடும்போது அவற்றின் போர்ட்டுகளை இந்த ஃபயர்வால் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டாக்கர் தனக்கென்று வேறு விதிகளை எழுதிக்கொள்கிறது. ஆகவே ரவுட்டரின் IPv6 ஃபயர்வாலை நம்பித்தான் ஆக வேண்டும்.

பல மாதம் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒருநாள் எந்தக் காரணமும் இல்லாமல் காணாமல் போகும். வீட்டில் விளக்கெல்லாம் எரிகிறது, இணையமும் இருக்கிறது, ஆனால் எட்ட முடியாது. பெரும்பாலும் சாவியின் கெடு முடிந்திருக்கும். டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியும் இயல்பாக 180 நாளுக்கு ஒருமுறை மறுபடி உள்நுழைய வேண்டும். கையில் இருக்கும் ஃபோனுக்கு அது நல்ல பழக்கம். மதுரை அலமாரியில் திரையை மூடிக் கிடக்கும் சர்வரில் யார் உள்நுழைவது? நிர்வாகப் பக்கத்தின் Machines பட்டியலில் அந்தக் கருவிக்கு எதிரே Expired என்று காட்டும். அதே இடத்தில் உள்ள பட்டியலில் Disable key expiry என்பதை, சர்வரைச் சேர்த்த அன்றே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். சர்வருக்கு மட்டும், ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் கெடு இருக்கட்டும்.

ஃபோனில் வேறு ஒரு வரம்பு உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் இயங்கும். அலுவலக விபிஎன்னை இயக்கினால் டெயில்ஸ்கேல் அணைந்துவிடும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு முறை பின்னணிச் செயலிகளை நிறுத்துவதும் உண்டு. ஃபோனை எடுத்ததும் புகைப்படங்கள் திறக்காமல் செயலியைத் திறந்து மூடினால் வேலை செய்கிறது என்றால் அதுதான் காரணம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம்.

ரவுட்டரில் எதையும் திறக்கவில்லை என்பது உண்மை. அதனால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. நம்பிக்கை வைக்கும் இடம் மாறியிருக்கிறது. இப்போது வலைக்குள் நுழைய ஒரே வழி, உள்நுழைவுக்குப் பயன்படுத்திய அந்தக் கூகுள் கணக்கு. அது களவு போனால் திருடியவர் தன் கருவியைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வீட்டு சர்வரை எட்டலாம். இரண்டடுக்கு உறுதிப்படுத்தல் இல்லாத கணக்கால் இந்த வலையைத் தொடங்கவே கூடாது. அடுத்து, யாருடைய பொதுச் சாவி யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது டெயில்ஸ்கேலின் ஒருங்கிணைப்பு சர்வர். அதைக் கைப்பற்றுபவர் எங்கள் வலைக்குள் ஒரு போலிக் கருவியை நுழைக்க முடியும். இதற்கு மாற்றாக, புதிதாக வரும் எந்தக் கருவிக்கும் ஏற்கெனவே உள்ள நம்பகமான கருவி ஒன்று கையெழுத்திட வேண்டும் என்று கட்டாயமாக்கும் டெயில்நெட் லாக் என்ற வசதி இருக்கிறது. இயக்கும்போது தரும் மீட்புச் சாவிகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதாக இருந்தால் மட்டும் இதை இயக்குங்கள்.

ஒருங்கிணைப்பையும் சொந்தக் கையில் வைத்துக்கொள்ள ஹெட்ஸ்கேல் என்ற திறந்தமூல மென்பொருள் உண்டு. டெயில்ஸ்கேல் செயலிகளே அதனோடு பேசும். ஆனால் அதை ஓட்டப் பொது முகவரி உள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ஒழுங்காகப் புதுப்பித்து, அதன் போர்ட்டைத் திறந்து வைக்க வேண்டும். மூன்று கருவிகளுக்காக அந்தச் சுமையை ஏற்பது சரியாகப் படவில்லை. கணினி நிர்வாகமே தொழிலாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. ஒருங்கிணைப்பு சர்வர் சிறிது நேரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே சாவிகளை வாங்கிவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் கருவிகள் தொடர்ந்து பேசும். புதுக் கருவியைச் சேர்ப்பதும், இடம் மாறிய கருவியின் புது முகவரியைத் தெரிந்துகொள்வதும்தான் தடைபடும்.

ஃபோன் தொலைந்தால் செய்ய வேண்டியதை முன்பே ஒருமுறை பழகிப் பார்ப்பது நல்லது. வேறு எந்தக் கணினியிலிருந்தும் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, Machines பட்டியலில் அந்த ஃபோனைத் தேடி, Remove என்பதை அழுத்த வேண்டும். மற்றக் கருவிகளின் பட்டியலிலிருந்து அதன் பொதுச் சாவி நீக்கப்பட்டுவிடும். அதன்பின் அந்த ஃபோன் என்ன அனுப்பினாலும் சர்வருக்கு அது தெரியாத சாவி, பதில் வராது. ஃபோனில் அந்தக் கணக்கே திறந்திருந்தால் இது மட்டும் போதாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்தக் கருவியையும் வெளியேற்ற வேண்டும். உள்நுழையக் குறியீடு அதே ஃபோனுக்குத்தான் வரும் என்பதால், கணக்குக்கான மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து மதுரை வீட்டில் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். அவை எங்கே இருக்கின்றன என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியும்.